பேட்டரி சதவீதமும் மேல் பட்டையின் ஐகான்களும்: எதை வைப்பது, எதை எடுப்பது, எங்கே போய் மாற்றுவது

போன் திரையின் உச்சியில் ஓடும் அந்த மெல்லிய பட்டைக்கு ஸ்டேட்டஸ் பார் என்று பெயர். மணி, சிக்னல், வைஃபை, பேட்டரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கேமராவுக்காகத் திரையின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு துளை வந்த பிறகு, அந்தப் பட்டையில் மிஞ்சிய இடம் இன்னும் குறைந்துவிட்டது. பேட்டரி சதவீதத்தை எப்படிக் காட்டுவது என்பதும், எந்த ஐகான் தெரிய வேண்டும் என்பதும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிரச்சினைதான்: இடம். எண்ணைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றால் வேறு ஏதாவது விலக வேண்டும். எது விலகலாம் என்று நாம் முடிவு செய்யாவிட்டால் போனே முடிவு செய்துவிடும்.

போன் அதை எப்படிச் செய்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஐகான்கள் பெருகி இடம் போதாமல் போனால், சில ஐகான்கள் மறைந்து, அவற்றுக்குப் பதிலாக ஒரு சிறு புள்ளி வரும். 'இங்கே இன்னும் ஏதோ இருக்கிறது, காட்ட இடமில்லை' என்பதே அந்தப் புள்ளியின் பொருள். பலர் அதைத் திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்துத் துடைத்துக்கூடப் பார்த்திருப்பார்கள். புள்ளி தெரிகிறது என்றால், உங்கள் பட்டையில் நெரிசல் வந்துவிட்டது என்று அறியலாம்.

இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் இன்னொருவர்

ஐகான்களை மாற்ற முயல்பவர்கள் திணறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பட்டையில் உள்ள எல்லா ஐகான்களும் ஒரே இனம் என்று நினைத்து, ஒரே செட்டிங்ஸில் எல்லாவற்றையும் தேடுகிறார்கள். உண்மையில் அங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றன.

பொதுவாக இடப்பக்கம், மணிக்கு அருகே வரிசையாக நிற்பவை அறிவிப்பு ஐகான்கள். இவற்றை அனுப்புபவை செயலிகள்: ஒரு குறுஞ்செய்தி வந்தது, ஒரு கோப்பு இறங்கி முடிந்தது, ஒரு செயலி தள்ளுபடி அறிவித்தது. அறிவிப்பைத் தள்ளிவிட்டால் ஐகானும் போய்விடும். அதே செயலி மறுபடி அறிவிப்பு அனுப்பினால் திரும்ப வரும்.

வலப்பக்கம் நிற்பவை சிஸ்டம் ஐகான்கள். சிக்னல், வைஃபை, புளூடூத், அலாரம், அதிர்வு நிலை, பேட்டரி ஆகியவை போனின் நிலையைச் சொல்பவை. இவற்றை எந்தச் செயலியும் அனுப்பவில்லை. ஆகவே அறிவிப்பைத் தள்ளினால் இவை போகாது. குறிப்பிட்ட வசதி இயங்கும்வரை அந்த ஐகான் நிற்கும், அல்லது அதை மறைக்கச் சொல்லித் தனியே ஒரு செட்டிங்ஸ் இருக்கும்.

எந்த ஐகான் எந்த இனம் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. மேலிருந்து விரலால் கீழே இழுத்து அறிவிப்புப் பலகையைத் திறந்து பாருங்கள். அதே படம் அங்கே ஓர் அறிவிப்பின் தலையில் நின்றால் அது செயலியுடையது. நிற்காவிட்டால் சிஸ்டமுடையது. இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் மிச்சம். முதல் இனத்துக்கு அறிவிப்பு செட்டிங்ஸுக்குப் போக வேண்டும், இரண்டாம் இனத்துக்கு ஸ்டேட்டஸ் பார் செட்டிங்ஸுக்கோ, அந்த வசதியையே நிறுத்தும் பொத்தானுக்கோ போக வேண்டும்.

முதலில் பேட்டரி எண்

பேட்டரியின் படம் மட்டும் இருக்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரு தோராயம்தான். படத்தின் உள்ளே நிரம்பியிருக்கும் பகுதி சில மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. 60 சதவீதத்துக்கும் 52 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் வெளியே கிளம்பும்போது சார்ஜரை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்த எட்டு சதவீதமே தீர்மானிக்கலாம். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்தால், உங்கள் போனில் அந்த அழைப்பு எவ்வளவு இழுக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். படத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

எண்ணை வரவழைக்கும் பாதை போனுக்குப் போன் மாறுகிறது. கூகுளின் பிக்சல் போன்ற, அதிகம் மாற்றப்படாத ஆண்ட்ராய்டில் Settings திறந்து, Battery உள்ளே போனால் Battery percentage என்ற பொத்தான் இருக்கும். சாம்சங்கின் பல பதிப்புகளில் அது பேட்டரிப் பகுதியில் இல்லை. Notifications உள்ளே Advanced settings என்ற இடத்தில், Show battery percentage என்ற பெயரில் இருக்கும். பேட்டரிக்கான பொத்தானை அறிவிப்புப் பகுதியில் வைத்தது பலரைச் சுற்றலில் விட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் அதை 'பட்டையில் என்ன தெரிய வேண்டும்' என்ற கோணத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் காரணம் புரியும். ஷாவ்மி, ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் Status bar என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அது அறிவிப்பு செட்டிங்ஸின் உள்ளே இருக்கும். பேட்டரியைப் படமாகக் காட்டுவதா, எண்ணாகக் காட்டுவதா, எண் படத்தின் உள்ளே இருக்க வேண்டுமா பக்கத்தில் இருக்க வேண்டுமா என்றெல்லாம் அங்கே கேட்கும்.

இந்தப் பாதைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே நிறுவனம்கூடப் புதிய பதிப்பு வந்தால் பொத்தானை இடம் மாற்றிவிடும். Settings பக்கத்தின் உச்சியில் ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. அதில் percentage என்று தட்டச்சு செய்யுங்கள். போன் தமிழில் இயங்கினால் 'சதவீதம்' என்று தேடுங்கள். மொழிபெயர்ப்பில் 'சதவிகிதம்' என்ற எழுத்துமுறையும் இருப்பதால், ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதையும் முயலுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 'பேட்டரி' என்று தேடி, வரும் பட்டியலில் பாருங்கள். எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும் இந்த வழி பலன் தரும்.

ஐபோனில் இதற்கு ஒரு சிறு வரலாறு இருக்கிறது. முகப்புப் பொத்தான் இருந்த பழைய ஐபோன்களில் பேட்டரிப் படத்துக்குப் பக்கத்தில் சதவீதம் நிற்கும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் திரையின் உச்சியில் கேமராவுக்கான வெட்டு இடம்பிடித்ததால், இருபுறமும் மிஞ்சிய மூலைகளில் எண்ணுக்கு இடமில்லாமல் போயிற்று. மேல் வலது மூலையிலிருந்து கீழே இழுத்து கண்ட்ரோல் சென்டரைத் திறந்தால்தான் எண்ணைப் பார்க்க முடியும். இந்த நிலை 2022 வரை நீடித்தது. அந்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 16, எண்ணைப் படத்தின் உள்ளேயே எழுதி மீண்டும் கொண்டுவந்தது. Settings, பிறகு Battery, பிறகு Battery Percentage என்பது பாதை. ஐபோன் எக்ஸ்ஆர், 11, 12 மினி, 13 மினி ஆகியவற்றுக்கு இந்த வசதி அடுத்து வந்த 16.1 பதிப்பில்தான் கிடைத்தது.

அந்த 16.1 பதிப்பு இன்னொன்றையும் திருத்தியது. ஐஓஎஸ் 16இன் முதல் வடிவத்தில், எண் உள்ளே இருக்கும்போது பேட்டரிப் படம் முழுதும் நிரம்பியதாகவே தெரிந்தது. உள்ளே 45 என்று எழுதியிருக்கும், ஆனால் படம் நூறு சதவீதம் இருப்பதுபோல் நிற்கும். பேட்டரி குறைந்து 20 வந்த பிறகுதான் படம் மாறும். ஓரக்கண்ணால் பார்ப்பவர் படத்தைப் பார்ப்பார், உற்றுப் பார்ப்பவர் எண்ணைப் பார்ப்பார். இரண்டும் வேறு வேறு செய்தி சொன்னால் குழப்பம்தான். 16.1இல் எண்ணுக்கேற்பப் படமும் குறையும்படி செய்துவிட்டார்கள்.

உள்ளேயா, பக்கத்திலா என்ற தேர்வு உங்கள் போனில் இருந்தால், அதில் கொஞ்சம் யோசியுங்கள். எண் படத்தின் உள்ளே இருந்தால் கூடுதல் இடமே செலவாகாது. ஆனால் எழுத்து மிகச் சிறியதாகிவிடும், பின்னணி நிறத்தோடு கலந்து மங்கவும் செய்யும். பக்கத்தில் இருந்தால் எண் தெளிவாகத் தெரியும். ஆனால் '100%' என்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஐகான்களின் அகலம் தேவைப்படும். கண் பார்வை நன்றாக உள்ளவர்கள் உள்ளே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியைத் தேடி எடுத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டியிருக்கிறது என்றால் பக்கத்தில் வைப்பதே நல்லது என்பேன். அதற்கான இடத்தை வேறு ஐகான்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணை எப்போதும் காட்டுவதால் பேட்டரி வேகமாகத் தீருமா என்று சிலர் கேட்பதுண்டு. தீராது. பேட்டரியின் அளவைப் போன் எப்படியும் கணக்கிட்டுக்கொண்டேதான் இருக்கிறது, படத்தை வரைவதற்கும் அதே எண்தான் தேவை. அதைத் திரையில் எழுதுவது தனிச் செலவு ஆகாது.

எண் வந்த பிறகு புதிதாகச் சில கவலைகள் முளைக்கும். பழைய போனில் 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடுவது உண்டு. அந்த எண் ஒரு மதிப்பீடு. பேட்டரியின் மின்னழுத்தத்தையும், உள்ளே போய் வந்த மின்சாரத்தின் அளவையும் வைத்துப் போன் போடும் கணக்கு அது. பேட்டரிக்கு வயதாகும்போது அது பிடித்து வைக்கும் அளவு குறைகிறது, கேமரா போன்ற கனமான வேலை வந்ததும் மின்னழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. எண் படிப்படியாக இறங்காமல் தாவித் தாவி இறங்கினாலும், சார்ஜரில் மாட்டியதும் சட்டென ஏறினாலும், செட்டிங்ஸில் பிழை தேடாதீர்கள். பேட்டரி களைத்துவிட்டதன் அடையாளம் அது.

இன்னொன்று, எண் 80இல் நின்றுவிடுவது. இரவெல்லாம் சார்ஜில் இருந்தும் 80க்கு மேல் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. ஐபோன் 15 முதல் அதில் இந்த வரம்பை நாமே வைக்கலாம். படம் மட்டும் இருந்த காலத்தில் இது நம் கண்ணில் பட்டிருக்காது. பேட்டரிப் பகுதிக்குள் போய் அந்த வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டால் கவலை தீரும்.

ஒரு போனை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

என் பெரியம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் பட்டை இப்படி இருந்தது. இடப்பக்கம் மணி, அதை அடுத்து ஒரு மேகம், ஒரு கூடை, கீழ்நோக்கிய ஓர் அம்பு, பிறகு புள்ளி. நடுவில் கேமரா துளை. வலப்பக்கம் 'N' என்ற எழுத்து, அலாரக் கடிகாரம், அதிர்வுக் குறி, நொடிக்கு நொடி மாறும் இணைய வேக எண், வைஃபை, இரண்டு சிம்களின் சிக்னல், கடைசியில் எண் இல்லாத பேட்டரி. "இதில் எது என்னவென்றே தெரியவில்லை. எனக்கு சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

"எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது பெரியம்மா. அதிர்வுக் குறி இருந்தால்தான் போன் சத்தமில்லாமல் கிடப்பது உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

முதலில் சதவீதத்தை இயக்கி, படத்தின் பக்கத்தில் வரும்படி வைத்தோம். உடனே வலப்பக்கத்தில் இடம் போதாமல் சில ஐகான்கள் மறைந்து அங்கேயும் ஒரு புள்ளி வந்துவிட்டது. பேட்டரி மட்டும் அசையவில்லை. இடம் குறையும்போது புள்ளிக்குள் போவது மற்ற சிஸ்டம் ஐகான்கள்தான். மறைந்தவற்றில் அதிர்வுக் குறியும் ஒன்று. எது முக்கியம் என்று போனுக்குத் தெரியாது, அதற்கு வரிசை மட்டும்தான் தெரியும். ஆகவே ஐகான்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

இணைய வேக எண் Status bar பகுதியிலேயே ஒரு பொத்தானாக இருந்தது, அணைத்தோம். பட்டையில் அதிக அகலம் பிடிப்பதும், எப்போதும் துடித்துக்கொண்டே கண்ணை இழுப்பதும் அதுதான். இணையம் மெதுவாக இருக்கிறதா என்று சோதிக்கும்போது அது பயன்படும். மற்ற நேரத்தில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

'N' என்பது என்எஃப்சி. போனை இயந்திரத்தின் அருகே காட்டிப் பணம் செலுத்துவது போன்ற வேலைகளுக்கான குறுந்தொலைவு இணைப்பு அது. பெரியம்மா அதைப் பயன்படுத்தவே இல்லை. இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஐகானை மட்டும் மறைத்தால் வசதி பின்னால் இயங்கிக்கொண்டே இருக்கும். வசதியையே அணைத்தால் ஐகானும் தானாகப் போய்விடும். பயன்படாத வசதி என்றால் இரண்டாவது வழியே சரி. என்எஃப்சி, புளூடூத், ஹாட்ஸ்பாட் மூன்றுக்கும் இதே விதிதான். குறிப்பாக ஹாட்ஸ்பாட்டின் ஐகானை ஒருபோதும் மறைக்காதீர்கள். அது மறந்துபோய் இயங்கிக்கொண்டிருந்தால் டேட்டாவும் பேட்டரியும் இரண்டுமே போகும், அதைச் சொல்லக்கூடியது அந்தச் சின்னப் படம் மட்டுமே.

அலாரக் கடிகாரத்தில் சற்றுத் தயங்கினோம். அலாரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும்வரை அந்த ஐகான் நிற்கும். பெரியம்மாவுக்குத் தினமும் மருந்துக்காக ஓர் அலாரம் உண்டு. எனவே அது ஒருநாளும் மறையாது. எப்போதும் இருக்கும் படம் ஒன்றும் புதிதாகச் சொல்வதில்லை. அதை மறைக்கலாம் என்று நான் சொன்னேன். ஆனால் அலாரம் தவறுதலாக அணைந்துவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடிகாரத்தை விட்டுவிட்டோம்.

வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கத்துக்கு வந்தால், மேகம் ஒரு வானிலைச் செயலி, கூடை ஒரு பொருள் விற்கும் செயலி, அம்பு என்றோ இறங்கி முடிந்த ஒரு கோப்பு. அம்பைத் தள்ளியதும் போய்விட்டது. கூடையைத் தள்ளினால் நாளைக்குத் திரும்ப வரும். அதனால் அந்த அறிவிப்பைத் தள்ளாமல், அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தோம். அதை அனுப்பும் செயலியின் அறிவிப்பு வகை தெரிந்தது. 'சலுகைகள்' என்ற வகையை முழுதாக நிறுத்தினோம். ஆர்டர் செய்த பொருள் வருவதைச் சொல்லும் வகையைத் தொடவில்லை. ஒரே செயலியின் அறிவிப்புகளை இப்படி வகை வகையாகப் பிரித்து நிறுத்தும் வசதி 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இருக்கிறது. செயலியையே ஊமையாக்கிவிட்டு, பிறகு முக்கியமான செய்தி வரவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை.

வானிலை அறிவிப்பு அவருக்கு வேண்டும், ஆனால் பட்டையில் வேண்டாம். அதை அழுத்திப் பிடித்து Silent என்று மாற்றினோம். இனி அது சத்தமின்றி அறிவிப்புப் பலகையின் கீழ்ப்பகுதியில் கிடக்கும். இத்துடன் ஐகான் போய்விடாது என்பதைக் கவனிக்க வேண்டும். Settings உள்ளே Notifications பகுதியில் Hide silent notifications in status bar என்று ஒரு பொத்தான் பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. அதை இயக்கிய பிறகுதான் சத்தமில்லா அறிவிப்புகளின் ஐகான்கள் மேலே வராமல் நிற்கும். இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டு, 'மாற்றியும் ஐகான் போகவில்லை' என்று சொல்பவர்கள் ஏராளம்.

கடைசியில் மிஞ்சியவை இவை: இடப்பக்கம் மணி. வலப்பக்கம் அலாரம், அதிர்வு, வைஃபை, இரண்டு சிக்னல், பேட்டரி, அதன் பக்கத்தில் 63%. இரண்டு புள்ளிகளும் மறைந்துவிட்டன. இனி இடப்பக்கம் ஓர் ஐகான் வந்தால், யாரோ உண்மையாகவே செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும்.

செட்டிங்ஸில் பொத்தான் இல்லாதபோது

சாம்சங் போனில் அறிவிப்பு ஐகான்களின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்தலாம். எல்லாவற்றையும் காட்டு, கடைசி மூன்றை மட்டும் காட்டு, எத்தனை என்ற எண்ணை மட்டும் காட்டு, எதையும் காட்டாதே என்ற தேர்வுகள் பல பதிப்புகளில் அறிவிப்பு செட்டிங்ஸிலேயே கிடைக்கின்றன. மூன்று என்பது நல்ல அளவு. சிஸ்டம் ஐகான்களை ஒவ்வொன்றாக மறைக்க, சாம்சங்கே வெளியிடும் குட் லாக் செயலிக்குள் குவிக்ஸ்டார் என்ற பகுதி உதவும்.

பிக்சல் போன்றவற்றில் சிஸ்டம் ஐகான்களை மறைக்கச் செட்டிங்ஸில் நேரான வழி இல்லை. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது சிஸ்டம் யூஐ ட்யூனர் என்ற ஒரு மறைமுகப் பக்கம் வந்தது. கீழே இழுக்கும் பலகையில் உள்ள பல்சக்கரத்தைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அது திறக்கும். ஒவ்வொரு ஐகானுக்கும் ஒரு பொத்தான் அதில் இருந்தது. ஆண்ட்ராய்டு 9 முதல் அந்த வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஐகான்களை மறைக்கும் பட்டியல் ஒன்று சிஸ்டத்தின் உள்ளே தொடர்கிறது. கணினி கையாளப் பழகியவர்கள் அதை adb என்ற கருவி வழியே மாற்றலாம். போனில் டெவலப்பர் வசதியைத் திறந்து, அதற்குள் USB debugging என்பதை இயக்கி, கணினியோடு இணைத்த பிறகு இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
adb shell settings put secure icon_blacklist rotate,headset,nfc
```

இதில் கடைசியில் உள்ளவை மறைக்க வேண்டிய ஐகான்களின் பெயர்கள். நமக்கு வேண்டியது nfc மட்டும்தானே, rotate, headset இரண்டும் எதற்கு என்று கேட்கலாம். திரை சுழற்சி, ஹெட்செட் ஆகிய இரண்டின் ஐகான்களையும் அடிப்படை ஆண்ட்ராய்டு தானாகவே மறைத்து வைத்திருக்கிறது. நாம் ஒரு பட்டியலைக் கொடுத்தால் அது பழைய பட்டியலோடு சேராது, பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். nfc என்று மட்டும் எழுதினால் 'N' மறையும், ஆனால் அதுவரை பார்த்தே இராத ஒரு சுழற்சி ஐகான் புதிதாக முளைக்கலாம். பின்னால் இன்னொரு பெயரைச் சேர்க்க நினைக்கும்போதும் இதே காரணத்தால் முழுப் பட்டியலையும் மறுபடி எழுத வேண்டும்.

இப்போது பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பவும் இந்த இரண்டு வரிகள்:

```
adb shell settings get secure icon_blacklist
adb shell settings delete secure icon_blacklist
```

முதல் வரி null என்று பதில் சொன்னால் பட்டியல் தொடப்படவில்லை என்று பொருள். மாற்றம் செய்வதற்கு முன்பே அதை ஒருமுறை ஓடவிட்டு, வரும் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் போனில் இந்தப் பெயர்களை மாற்றிவிடுவதால், கட்டளை பிழையில்லாமல் ஓடியும் ஐகான் அப்படியே நிற்கக்கூடும். அப்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பட்டியலை அழித்துவிட்டு விட்டுவிடலாம்.

தொடக் கூடாதவை, தொட முடியாதவை

பட்டையில் சில நேரம் வண்ணப் புள்ளி ஒன்று தோன்றும். இடம் போதாததைச் சொல்லும் புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐபோனில் ஆரஞ்சு நிறம் என்றால் ஒரு செயலி மைக்கைப் பயன்படுத்துகிறது, பச்சை என்றால் கேமராவைப் பயன்படுத்துகிறது. இது 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் இரண்டுக்கும் பச்சை நிறம்தான், மேல் வலது மூலையில் தெரியும். இவற்றை மறைக்கச் செட்டிங்ஸில் பொத்தான் இல்லை, இருக்கவும் கூடாது. நீங்கள் யாரிடமும் பேசாதபோது அந்தப் புள்ளி தெரிந்தால் உடனே ஆண்ட்ராய்டில் பலகையை இழுத்து அதைத் தொடுங்கள், ஐபோனில் கண்ட்ரோல் சென்டரைத் திறங்கள். எந்தச் செயலி என்று பெயரோடு காட்டும்.

ஐபோனில் மற்ற ஐகான்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் பெரும்பாலும் இல்லை. வைஃபை, சிக்னல், பேட்டரி எங்கே எப்படி நிற்க வேண்டும் என்பதை ஆப்பிளே முடிவு செய்கிறது. அறிவிப்பு ஐகான்கள் அங்கே பட்டைக்கு வருவதே இல்லை என்பதால் நெரிசலும் குறைவு. நம் கையில் விடப்பட்ட ஒன்று, இருப்பிடத்தைக் குறிக்கும் சிறிய அம்பு. Settings, Privacy & Security, Location Services, System Services என்று உள்ளே போய்க் கடைசிவரை இறங்கினால் Status Bar Icon என்ற பொத்தான் இருக்கும். போனின் சொந்தச் சேவைகள் இருப்பிடத்தைக் கேட்கும்போதும் அம்பு காட்ட வேண்டுமா என்பதை மட்டும் அது முடிவு செய்கிறது. அதை அணைத்து வைத்திருந்தாலும், வரைபடம் போன்ற செயலிகள் இருப்பிடத்தைக் கேட்கும்போது அம்பு வரத்தான் செய்யும்.